மேலாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு: கிளவுடில் நம் கணக்கு



போன செயற்குழுக் கூட்டத்தில் நம் கூட்டமைப்பு மேலாளர் அக்கா ஒரு தாளை எடுத்து வாசித்தார்கள். அது நான் எழுதிக் கொடுத்த குறிப்பு. வாசித்து முடித்ததும் பிரதிநிதிகள் நாலைந்து பேர், "இதை நம்ம செய்தி மடல்ல போடுங்க மேடம், எங்க குழுவுல கேட்டா என்ன சொல்றது?" என்றார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை. குறிப்பை அப்படியே கீழே தந்திருக்கிறேன். அதற்கு முன்னால் அது ஏன் எழுதப்பட்டது, அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நடந்தது இதுதான். ஒரு கணினி நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். 42 குழுக்களின் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாவற்றையும் "கிளவுடுல" ஏற்றித் தருகிறேன், ஆண்டுக்கு இவ்வளவு சந்தா, கையெழுத்துப் போடுங்கள் என்று ஒப்பந்தத்தை நீட்டினார். மேலாளர் அக்கா இருபது வருடம் பேரேடு எழுதியவர். ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூங்கமாட்டார். ஆனால் கம்ப்யூட்டர் பக்கம் போனதில்லை. தம்பி போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "மேகத்துல வைக்கிறேன்னு சொல்றான். மழை பெஞ்சா என்ன ஆகும்? ஒரே பக்கத்துல எழுதிக் குடும்மா. ரெண்டாவது பக்கம் இருந்தா நான் படிக்க மாட்டேன்" என்றார். சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று பட்டது.

முதலில் மேகம் என்ற பேர். பொறியாளர்கள் ஒரு படம் வரையும்போது, தங்கள் அலுவலகத்துக்கு வெளியே இருக்கிற வலைப்பின்னலை ஒரு மேகம் மாதிரி வட்டம் வட்டமாக வரைந்து விடுவார்கள். "அதுக்குள்ள என்ன இருக்குங்கிறது நமக்கு வேண்டாம், அங்கே போகுது, அங்கே இருந்து வருது" என்று அர்த்தம். அந்தப் படத்தின் பேர்தான் நிலைத்துவிட்டது. வானத்தில் ஒன்றும் இல்லை. எல்லாம் தரையில்தான் இருக்கிறது. பெரிய கட்டிடம், அதில் அடுக்கடுக்காக ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர், ஓயாமல் ஓடும் குளிர்சாதனம், மின்சாரம் போனால் உடனே எடுக்கும் பேட்டரி, ஜெனரேட்டர். இதற்கு டேட்டா சென்டர் என்று பேர். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-ல் இந்தியாவில் இப்படித் தொடங்கிய மூன்று இடங்களில் சென்னையும் ஒன்று. ஆக, மேகம் என்பது நம் பக்கத்து ஊரில்கூட இருக்கலாம்.

நம் வீட்டில் மாவு மில் கிடையாது. தானியத்தைத் தூக்கிக்கொண்டு போகிறோம், கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்து அரைத்து வருகிறோம். மெஷின் வாங்கிய செலவு, கல் தேய்ந்தால் மாற்றுகிற செலவு, கரண்ட் பில் எல்லாம் மில்காரர் பாடு. கிளவுட் கம்ப்யூட்டிங்கும் அதுதான். கம்ப்யூட்டரை வாங்காமல், தேவைப்படுகிற அளவுக்கு வாடகைக்கு எடுப்பது. அமேசான் நிறுவனம் 2006-ல் இப்படி இடத்தை வாடகைக்கு விட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு கூகுள், மைக்ரோசாப்ட் என்று எல்லாரும் இந்தத் தொழிலில் இறங்கினார்கள். நீங்கள் போனில் எடுக்கிற போட்டோ தானாகப் போய் எங்கேயோ சேர்கிறதே, அதுவும் இந்த வகைதான்.

மில்லுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மாவை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறோம். கணக்கை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். அதனால்தான் குறிப்பு எழுத வேண்டியதாயிற்று.

இனி குறிப்பு.

மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: நம் கணக்கைக் கிளவுடில் வைப்பது பற்றி

கிளவுட் என்றால் வேறொருவரின் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து அதில் நம் கணக்கை வைப்பது. இன்டர்நெட் வழியாக எங்கிருந்தும் பார்க்கலாம்.

இதனால் லாபம்: நம் அலுவலகக் கம்ப்யூட்டர் கெட்டாலும், திருடு போனாலும், மழைத் தண்ணீர் புகுந்தாலும் கணக்கு போகாது. ஒரே நேரத்தில் இரண்டு கணக்காளர்கள் வேலை பார்க்கலாம். நம் அலுவலகத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரைவிட அது நிச்சயம் பாதுகாப்பான இடம்.

ஆனால் நான்கு விஷயங்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, அங்கே இருப்பது ஒரு பிரதி. அது அழிந்தால் எடுப்பதற்கு, அவர்கள் கைக்கு எட்டாத வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி நம்மிடம் இருக்க வேண்டும்.

இரண்டு, கிளவுடின் சாவி கூட்டமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். எந்தப் பணியாளரின் சொந்தப் போனிலும் இருக்கக் கூடாது.

மூன்று, உறுப்பினர்களின் ஆதார், வங்கிக் கணக்கு எண் உள்ள கோப்பை யார் திறக்க முடியும் என்பது நாம் வைக்கிற ஒரு பொத்தானைப் பொறுத்தது. அதை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நான்கு, ஒப்பந்தம் முடிந்தால் நம் கணக்கை எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள எத்தனை நாள் தருவார்கள் என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

என் கருத்து: கிளவுடுக்குப் போகலாம். இந்த நான்கும் முடியும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம்.

இவ்வளவுதான் குறிப்பு. மேலாளர் அக்கா படித்துவிட்டு முதல் விஷயத்திலேயே நின்றுவிட்டார்கள். "பெரிய கம்பெனின்னு சொல்றே. அவங்க கிட்டயே அழிஞ்சு போகுமா? சும்மா பயமுறுத்தாதே" என்றார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நான் சொன்ன இரண்டு சம்பவங்களை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது பிரான்சு நாட்டில் நடந்தது. ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில் ஓவிஎச் என்ற பெரிய கிளவுட் நிறுவனத்தின் வளாகம் இருந்தது. 2021 மார்ச் 10-ம் தேதி நள்ளிரவு தாண்டித் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று முழுக்க எரிந்துபோனது. பக்கத்துக் கட்டிடத்திலும் ஒரு பகுதி போனது. நல்லவேளை, ஆள் சேதம் இல்லை. அந்த நிறுவனத்தின் தலைவர் வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி போட்டார். உங்கள் அவசரகால மீட்புத் திட்டத்தைத் தொடங்குங்கள் என்பது அதன் சாரம். பல பேருக்கு அப்போதுதான் தெரிந்தது, தங்களிடம் அப்படி ஒரு திட்டமே இல்லை என்று. கிளவுடில் வைத்தால் அவர்களே நகல் எடுத்து வைப்பார்கள் என்று நினைத்திருந்தார்கள். தனியாகப் பணம் கட்டி நகல் எடுத்து வைத்தவர்களிலும் சிலருக்கு, அந்த நகலும் அதே வளாகத்தில் இருந்ததால் சேர்ந்தே எரிந்தது. பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி.

இரண்டாவது சம்பவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஏனென்றால் அதுவும் சேமிப்புப் பணம் சம்பந்தப்பட்டது. ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்று ஒரு ஓய்வுகால சேமிப்பு நிதி இருக்கிறது. பல்கலைக்கழக ஊழியர்களுக்காகத் தொடங்கப்பட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அவர்கள் தங்கள் கணினி வேலைகளைக் கூகுளின் கிளவுடில் வைத்திருந்தார்கள். 2024 மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்கப் போனால் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. ஏறக்குறைய ஒரு வாரம் இப்படி.

என்ன நடந்தது தெரியுமா? தீ இல்லை, வெள்ளம் இல்லை, திருடன் இல்லை. முதன்முதலில் அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தபோது, கூகுள் ஊழியர்கள் ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். கட்டம் காலியாக இருந்ததால் கம்ப்யூட்டர் தானாகவே "ஒரு வருடம்" என்று எடுத்துக்கொண்டது. ஒரு வருடம் முடிந்த அன்றைக்கு, காலம் முடிந்தது என்று அதுவே அந்த ஏற்பாட்டை அழித்துவிட்டது. முன்னறிவிப்பு எதுவும் போகவில்லை. நம் குழு விண்ணப்பத்தில் தவணைக் காலம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் வங்கியில் என்ன பாடு படுகிறோம்! அதே கதைதான், ஆனால் உலகத்தின் பெரிய நிறுவனம் ஒன்றில்.

யூனிசூப்பர்காரர்கள் ஏமாளிகள் இல்லை. கூகுளிடமே இரண்டு இடங்களில் தங்கள் ஏற்பாட்டைப் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு இடம் எரிந்தால் இன்னொன்று இருக்கும் என்ற கணக்கு. ஆனால் அழிந்தது இடம் அல்ல, அந்த ஏற்பாடே அழிந்துவிட்டது. அதனால் இரண்டு பிரதியும் ஒன்றாகப் போயின. அவர்களைக் காப்பாற்றியது வேறு விஷயம். கூகுளுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு நிறுவனத்திடமும் ஒரு நகல் கொடுத்து வைத்திருந்தார்கள். அதையும் வைத்து மீண்டும் கட்டினார்கள். உறுப்பினர்களின் பணம் ஒரு காசு போகவில்லை. கணக்கைத்தான் அத்தனை நாள் பார்க்க முடியவில்லை. கூகுள் கிளவுடின் தலைவரும் யூனிசூப்பர் தலைவரும் சேர்ந்து அறிக்கை விட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

இதைக் கேட்டதும் மேலாளர் அக்கா ஒன்று சொன்னார்கள்: "அப்ப ரெண்டு நகல் இருந்தா போதாது. ரெண்டும் ஒரே ஆள் கையில இருக்கக் கூடாது." நான் அரைப் பக்கம் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். நம் அலுவலகத்தில் ஏற்கனவே கூகுள் டிரைவ் இருக்கிறது. கம்ப்யூட்டரில் உள்ள ஒரு ஃபோல்டரும் டிரைவும் ஒன்றோடொன்று தானாகச் சேர்ந்துகொள்ளும்படி வைத்திருந்தோம். "அதான் கிளவுடுல ஒரு காப்பி இருக்கே மேடம்" என்று கணக்காளர் சொன்னார். அது காப்பிதான், ஆனால் கண்ணாடி மாதிரி. இங்கே பொட்டு அழிந்தால் அங்கேயும் அழிந்துவிடும். இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் போய்விடும். டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குப் பிறகு அதுவும் கிடையாது. கடன் நிலுவை 14,500 என்பதை யாராவது 1,450 என்று தவறாக அடித்துச் சேமித்தால், அடுத்த நிமிடம் கிளவுடிலும் 1,450 தான். கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டாலும் பூட்டிய கோப்புதான் மேலே போகும். நகல் என்றால் எடுத்த தேதியோடு அப்படியே நிற்க வேண்டும். போட்டோ எடுத்து வைத்த மாதிரி. நாளைக்கு முகம் மாறினாலும் போட்டோ மாறக் கூடாது.

சரி, எத்தனை நாளைக்கு ஒருமுறை நகல் எடுப்பது? இதற்கு ஒரு எளிய வழி உண்டு. கணக்கு முழுதும் போய்விட்டது, கடைசி நகல் மட்டும்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகலுக்குப் பிறகு நடந்ததை எல்லாம் காகிதத்தைப் பார்த்துத் திரும்ப ஏற்ற வேண்டும். எத்தனை நாள் வேலையை உங்களால் திரும்பச் செய்ய முடியும்? அதுதான் நகலுக்கு இடைவெளி. நமக்கு ஒவ்வொரு குழுவிலும் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், உறுப்பினர் பாஸ்புக் கையால் எழுதியது இருக்கிறது. ஒரு வாரத்துக் கணக்கு என்றால் இரண்டு கணக்காளர்கள் ஒன்றரை நாளில் ஏற்றிவிடுவார்கள். ஒரு மாதம் என்றால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வங்கியிலிருந்து கேட்டுவிடுவார்கள். அதனால் வாரம் ஒருமுறை, சனிக்கிழமை மாலை என்று வைத்தோம். (கம்ப்யூட்டர் வந்ததும் கையால் எழுதுவதை நிறுத்திவிடலாமா என்று சில ஊக்குநர்கள் கேட்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். எந்தக் கிளவுட் போனாலும் கடைசியில் நம்மைக் காப்பாற்றுவது அந்த நோட்டுதான்.)

எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 560 உறுப்பினர்கள். ஆளுக்கு நாலு பக்கம் ஸ்கேன் செய்திருக்கிறோம். பக்கத்துக்கு அரை எம்.பி. என்றால் மொத்தம் 1,120 எம்.பி., அதாவது ஒரு ஜி.பி.யைக் கொஞ்சம் தாண்டும். எக்செல் கணக்குகள் எல்லாம் சேர்ந்து 20 எம்.பி.கூட இல்லை. இலவச ஜிமெயில் கணக்கிலேயே 15 ஜி.பி. தருகிறார்கள். ஒரு சின்ன பென் டிரைவில் மாதக்கணக்கில் நகல் வைக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு பேசியதால், "உங்களுக்கு 500 ஜி.பி. தேவைப்படும்" என்று அந்தத் தம்பி சொன்னபோது மேலாளர் அக்காவால் சிரிக்க முடிந்தது.

இரண்டாவது விஷயம் சாவி. இது நம்மிடமே நடந்த தப்பு என்பதால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். நம் அலுவலகத்தில் இருந்த கணினிப் பெண் நல்ல சுறுசுறுப்பு. டிரைவைத் தொடங்கியதே அவள்தான். தன் சொந்த ஜிமெயிலில் தொடங்கினாள், தன் சொந்தப் போன் நம்பரைக் கொடுத்தாள். அப்போது அது தப்பாக யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாள். பத்து நாள் கழித்து அலுவலகக் கம்ப்யூட்டரைப் பழுது பார்த்தோம். அதற்குப் பிறகு டிரைவைத் திறந்தால், "உங்கள் போனுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள்" என்று நின்றது. எண் திருப்பூருக்குப் போனது. அவளோ பழைய சிம்மை மாற்றிவிட்டாள். நாலு நாள் அலைந்தோம். அந்த நாலு நாளில்தான் ஒரு குழுவின் வங்கி இணைப்புக் கடனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய தேதி. கையால் எழுதிக் கொடுத்துச் சமாளித்தோம். கடைசியில் அவள் பழைய நம்பரை மறுபடி வாங்கித் திறந்துகொடுத்தாள். அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள் பெயரில் வைத்தது எங்கள் தப்பு.

இன்னொன்றும் இதில் சேர்ந்திருக்கிறது. இரண்டு வருடம் யாரும் திறக்காத தனிநபர் கூகுள் கணக்குகளை அழிக்கலாம் என்று 2023-ல் கூகுள் விதி கொண்டுவந்தது. பணியாளர் போய்விட்டார், கணக்கை யாரும் தொடவில்லை, அதில் பழைய தணிக்கை அறிக்கைகள் இருக்கின்றன என்றால் அவையும் போகும் வாய்ப்பு உண்டு.

இப்போது கூட்டமைப்பின் பெயரில் ஒரு கணக்கு, அலுவலகப் பீரோவில் இருக்கும் அலுவலகப் போனுக்குச் சரிபார்ப்பு எண். அந்தப் போனும் தொலைந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் `Backup codes` என்று ஒன்று வரும். பத்து எண்கள் தரும். ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அதை அச்செடுத்து உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் தலைவியும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம். தேர்தல் பெட்டிக்கு முத்திரை வைத்த மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும்.

மூன்றாவது விஷயத்தைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் நேரடியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கோப்பில் இருப்பது உங்கள் ஆதார் எண், உங்கள் வங்கிக் கணக்கு எண். வாடகை வீட்டில் கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பொறுப்பு. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போய்த் திருடு போனால் நம் பொறுப்பு. கிளவுடிலும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். கட்டிடம், மின்சாரம், மெஷின் அவர்கள் பொறுப்பு. உள்ளே என்ன வைக்கிறோம், யாருக்குத் திறந்து காட்டுகிறோம் என்பது நம் பொறுப்பு.

கூகுள் டிரைவில் ஒரு கோப்பைப் பகிரும்போது இரண்டு வாசகம் காட்டும். `Restricted` என்று இருந்தால் நாம் பெயர் சொல்லிச் சேர்த்த ஆள் மட்டும் திறக்கலாம். `Anyone with the link` என்று இருந்தால் அந்த இணைப்பு யார் கைக்குப் போனாலும் திறக்கும். கடவுச்சொல் கேட்காது. நம் உறுப்பினர் பட்டியலை ஒரு கணக்காளர், ஊக்குநர்கள் எளிதாகப் பார்க்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் இரண்டாவது மாதிரி வைத்து, இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அந்தக் குழுவிலிருந்து அது எங்கெங்கே போயிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

இது திறந்து கிடக்கிறதா என்று கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை. அந்தக் கோப்பில் பெயர் சேர்க்காத ஒருவரின் போனில் அந்த இணைப்பைத் தட்டிப் பாருங்கள். "அனுமதி வேண்டும்" என்று கேட்டால் சரி. பட்டியல் அப்படியே திறந்தால் கதவு திறந்து கிடக்கிறது. நான் என் தங்கை போனில் தட்டினேன். 560 பேரின் விவரமும் வந்து நின்றது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றைக்கே மாற்றினோம். ஆதார் எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும் வைத்து மற்றதை எக்செல்லிலிருந்து எடுத்துவிட்டோம். வங்கிக்கு முழு எண் வேண்டும் என்றால் காகிதக் கோப்பில் இருக்கிறது. உங்கள் குழுவில் யாருக்காவது, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று உங்கள் கணக்கு எண்ணைச் சரியாகச் சொல்லி யாராவது போன் செய்திருந்தால், எண்ணைச் சரியாகச் சொன்னான் என்பதற்காக நம்பாதீர்கள். ஓ.டி.பி. சொல்லவே வேண்டாம். எங்களுக்கும் தெரியப்படுத்துங்கள்.

நான்காவது விஷயத்தை மேலாளர் அக்காவே பார்த்துக்கொண்டார்கள். தம்பியை மறுபடி வரச் சொல்லி, குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"எங்க கணக்குக்கு நகல் எங்கே வைப்பீங்க தம்பி?"

"நாங்களே பேக்கப் எடுத்துருவோம்மா, கவலைப்படாதீங்க."

"எடுப்பீங்க. எங்கே வைப்பீங்க?"

"அதே கிளவுடுலதாம்மா."

"அதே கணக்குலயா?"

தம்பி கொஞ்சம் யோசித்து, "ஆமா" என்றார்.

"நாங்க அடுத்த வருசம் சந்தா கட்டலைன்னா?"

"கட்டலைன்னா ஓப்பன் ஆகாதும்மா."

"ஓப்பன் ஆகாது சரி. எங்க கணக்கு எங்களுக்குத் திரும்ப எப்படி வரும்?"

அவரிடம் பதில் இல்லை. கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். கெட்ட பிள்ளை இல்லை. இந்தக் கேள்வியை இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. இரண்டு வாரம் கழித்து இரண்டு வரி சேர்த்த ஒப்பந்தத்தோடு வந்தார். எந்த நாளில் கேட்டாலும் முழுக் கணக்கையும் எக்செல்லாக நாமே இறக்கிக்கொள்ளலாம் என்பது ஒன்று. சந்தா நின்றாலும் 90 நாள்வரை எதையும் அழிக்கக் கூடாது, அழிக்கும் முன் தபாலில் கடிதம் வர வேண்டும் என்பது இன்னொன்று. தபால் என்பது அக்கா வைத்த நிபந்தனை. மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, உண்மைதானே.

இப்போது நடைமுறை இப்படி இருக்கிறது. சனிக்கிழமை மாலை கணக்காளர் முழுக் கணக்கையும் எக்செல்லாக இறக்கி, தேதியைப் பெயராகப் போட்டு ஒரு பென் டிரைவில் ஏற்றுகிறார். இப்படி இரண்டு பென் டிரைவ் உண்டு. ஒன்று அலுவலகப் பீரோவில். இன்னொன்று பொருளாளர் வீட்டில், அதாவது ஆறு கிலோமீட்டர் தள்ளி. ஒவ்வொரு வாரமும் மாற்றிக்கொள்வார்கள். பென் டிரைவுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறோம், பேருந்தில் தொலைந்தாலும் பிறர் திறக்க முடியாதபடி.

எடுத்து வைத்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பென் டிரைவ் சொல்லாமல் கெட்டுப்போகிற பொருள். அதனால் மாதக் கடைசியில் பொருளாளர் வீட்டுப் பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறோம். சீட்டுக் குலுக்கி மூன்று குழுவை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பேரின் கடன் நிலுவையைக் கையெழுத்துப் பாஸ்புக்கோடு ஒப்பிடுகிறோம். போன மாதம் ஆறில் ஐந்து சரியாக இருந்தது. ஒன்றில் 500 ரூபாய் இடித்தது. எல்லாரும் கம்ப்யூட்டரைத்தான் சந்தேகப்பட்டோம். மேலாளர் அக்கா ரொக்கப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். தவணை கட்டியது உண்மை, ரொக்கப் புத்தகத்திலும் இருக்கிறது, கிளவுடிலும் இருக்கிறது. அந்தச் சகோதரியின் பாஸ்புக்கில்தான் பதியாமல் விட்டிருந்தது. அன்று மாலையே போய்ப் பதிந்து கையெழுத்து வாங்கி வந்தோம்.